நாற்பது வருடம் நம்மோடு நின்ற கங்காணி அண்ணைக்கு

(பளைப் பகுதித் தென்னந்தோட்டம் ஒன்றில் நாற்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெறும் மேற்பார்வையாளருக்கு நடந்த பிரியாவிடை நிகழ்வில் தோட்ட முகாமையாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



அண்ணையின் பெயருக்கு முன்னால் பதிவேட்டில் "மேற்பார்வையாளர்" என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் தோட்டத்தில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வெளிக்கிட்டு வந்து கிளிநொச்சியில் தருமபுரத்துப் பக்கம் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணி என்ற சொல் அவர்களோடு சேர்ந்து இங்கே தென்னந்தோட்டத்துக்கும் வந்தது. 1985இல் இருபது வயதில் தேங்காய் பொறுக்கிக் குவிக்கும் வேலைக்கு வந்தவர், ஐந்து வருடத்தில் கணக்கெழுதும் வேலைக்கு வந்தார். அதன்பிறகு இந்தத் தோட்டத்தில் பறித்த காய்களில் அவர் எண்ணாத காய் குறைவு.

எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒரு பறிப்பு என்று வருடத்துக்கு ஆறு பறிப்பு இங்கே நடக்கிறது. கொக்கத்தடிக்காரருக்கும் பொறுக்குபவர்களுக்கும் காய்க் கணக்கில்தான் கூலி. குவியலைப் பார்த்து "ஒரு மூவாயிரம் இருக்கும்" என்று மதிப்புப் போடுவது பல இடங்களில் வழக்கம். அப்படி மதிப்புப் போட்டால் குறைவது எப்போதும் வேலை செய்தவரின் பக்கம்தான். அண்ணை மதிப்புப் போடவே மாட்டார். வேலை செய்தவரைப் பக்கத்தில் நிற்க வைத்து, சத்தமாக எண்ணி, நூறு காய் போனதும் ஒரு காயைத் தனியாக ஒதுக்கி வைப்பார். கடைசியில் ஒதுக்கிய காய்களை எண்ணினால் எத்தனை நூறு என்று குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். அதே கணக்கைச் செக்ரோலில் ஒரு தடவையும், அந்தத் தொழிலாளியின் கொப்பியில் ஒரு தடவையும் எழுதுவார்.

ஒருமுறை காய் வாங்க வந்த வியாபாரி, ஏற்றிய காய் 3,860 என்று சொன்னார். அண்ணையின் பக்கத்தில் ஒதுக்கி வைத்த காய்கள் நாற்பது இருந்தன. அப்படியென்றால் நாலாயிரம். லொறியில் ஏற்றிய காய்களை இறக்கி மறுபடி எண்ணுவோம் என்று அவர் சொன்னார், குரலை உயர்த்தவில்லை. பாதி இறக்கியதும் வியாபாரி நாலாயிரத்துக்குக் காசைக் கொடுத்தார். அந்த 140 காயின் காசு தோட்டத்துக்கு மட்டும் உரியது அல்ல. எண்ணிக்கை 3,860 என்று ஏற்றுக்கொண்டிருந்தால், அடுத்த கேள்வி பறித்தவர்களின் கொப்பியைப் பற்றித்தான் வந்திருக்கும்.

அவர் எழுதிய செக்ரோலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு ஆனையிறவுச் சண்டையின்போது இந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2002இல் சமாதான காலத்தில் கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது மறுபடி வெளிக்கிட்டார்கள். இரண்டு முறையும் அண்ணை பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போனது செக்ரோல் கொப்பிகளை. அவற்றில் ஒவ்வொருவருடைய பெயருக்கும் நேரே ஊழியர் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் எழுதியிருந்தது.

2011இல் நாங்கள் இங்கே பொறுப்பேற்றபோது அலுவலகம் என்று ஒன்று இல்லை. கூரையில்லாத சுவர் மட்டும் நின்றது. பழைய தொழிலாளர்களில் பலர் அடையாள அட்டையைக்கூட இழந்திருந்தார்கள். சிலர் உயிரோடு இல்லை. சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்க அங்கத்துவ இலக்கமும் வேலை செய்த காலமும் தெரிய வேண்டும். இலக்கம் தெரியாதவர் தொழில் திணைக்களத்துக்குப் பலமுறை நடக்க வேண்டிவரும். அண்ணையின் கொப்பியைப் பார்த்து நாங்கள் சேவைக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். கணவனை இழந்த அக்காமார் பலர் அந்தக் கடிதத்தோடுதான் தொழில் அலுவலகத்துக்குப் போனார்கள். இன்று இங்கே முன்வரிசையில் இருக்கும் சிலருக்கு அது தெரியும்.

அடுத்தது மறுநடுகை. அந்த வருடம் தோட்டத்தில் தலையில்லாத மரங்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. ஷெல் பட்டுக் குருத்து போனால் தென்னை மறுபடி தளிர்க்காது. பல மரங்களைப் பங்கர் போடவும் தறித்திருந்தார்கள். கண்ணிவெடி அகற்றியவர்கள் விட்டுத் தந்த துண்டுகளில்தான் நாங்கள் கால் வைக்கலாம். கன்று நட அவசரப்பட்ட எல்லோரிடமும் அண்ணை சொன்னது ஒன்றுதான். "முதலில் செத்த மரத்தை அகற்றுவோம், பிறகு கன்றைப் பார்ப்போம்." உக்கிப்போன தென்னங்குற்றிக்குள்தான் கருவண்டு முட்டையிட்டுப் பெருகும். பழைய குற்றிகளை நிற்க விட்டுக் கன்று நட்டால், அந்த வண்டு இளங்குருத்தைத்தான் முதலில் குடையும். குற்றிகளைத் தறித்து, துண்டு போட்டு எரித்துத் தீர்க்க ஒரு முழுக் கோடை போனது.

பிறகு 26 அடிக்கு 26 அடி, ஏக்கருக்கு 64 கன்று. மூன்று அடி ஆழம், மூன்று அடி அகலக் குழி. அடியில் இரண்டு அடுக்குப் பொச்சு மட்டை, அதன்மேல் மேல்மண். பொச்சு மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வன்னியில் மழை ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிட்டு, ஆனியிலிருந்து புரட்டாதிவரை நிலம் வெடிக்கும். அந்தக் கோடையைத் தாண்டாத கன்று மரமாகாது. ஒவ்வொரு கன்றின் தெற்கு, மேற்குப் பக்கத்திலும் நிழலுக்குக் கிடுகு குத்தச் சொன்னவரும், ஒரு கன்றுக்குத் தண்ணீர் தவறியதா என்று மாலையில் தனியாக நடந்து பார்த்தவரும் அவர்தான்.

2017இல் நடந்ததைச் சொன்னால், நாங்கள் எந்த ஆளை வழியனுப்புகிறோம் என்று விளங்கும். ஐந்து வயதான மரங்கள் நின்ற மதகடித் துண்டில் ஒரு காலை அண்ணை நின்றுவிட்டார். புளித்த கள்ளு மாதிரி ஒரு மணம் வருகிறது என்றார். எங்களுக்கு மணக்கவில்லை. மரம் மரமாகப் போய், அடியில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே புழு தின்றால் கறக் கறக் என்று சத்தம் வரும். செவ்வண்டின் புழு அது. குருத்து வாடிச் சாயும்வரை காத்திருந்தால் மரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னால் தெரிவது மூன்று அடையாளங்கள்தான்: தண்டில் சிறு துளையும் அதில் தள்ளிய தும்பும், மண்ணிறமான பிசின் வடிவது, அந்த மணமும் சத்தமும்.

அன்று பதினொரு மரங்களைக் குறித்தார். பிறகு எங்கிருந்து வந்தது என்று பார்த்தார். முந்தின மாதம் கோயில் திருவிழாப் பந்தலுக்குப் பச்சை மட்டைகளை அடியோடு ஒட்ட வெட்டியிருந்தார்கள். பச்சைக் காயத்தின் மணத்துக்குத்தான் செவ்வண்டு வரும். அந்தக் காயத்தில் முட்டையிட்டால் மூன்று நாளில் புழு உள்ளே போய்விடும். பச்சை மட்டை வெட்டினால் தண்டிலிருந்து நாலு அடி விட்டு வெட்ட வேண்டும். மட்டை காய்ந்து வரும்போது புழு தண்டை எட்டாது. யார் வெட்டியது என்று அண்ணை கேட்கவில்லை. மற்ற மரங்களின் காயங்களுக்குத் தார் பூசச் சொன்னார். குறித்த பதினொன்றிலும் கீழ்த்துளைகளைக் களிமண்ணால் அடைத்து, மேலே சரிவாக ஒரு துளை போட்டு, தென்னைப் பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தர் சொன்ன மருந்தை ஊற்றி, அதையும் அடைத்தார்கள். இரண்டு மரம் போனது. ஒன்பது மரம் இன்று காய்க்கிறது. அந்த இரண்டையும் தறித்து, பிளந்து, புழுவோடு எரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

இனி நிர்வாகம் அவருக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லவேண்டும். இந்தக் கூட்டத்தில் இதை விளக்கமாகச் சொல்லும்படி சங்கம் கேட்டது. நாங்களும் அதுதான் முறை என்று நினைக்கிறோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்குக் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் வீதம் ஒவ்வொரு வருடத்துக்கும். நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி. உதாரணத்துக்கு, கடைசிச் சம்பளம் 60,000 ரூபா என்றால் அரை மாதம் 30,000. நாற்பது வருடத்துக்கு 12 இலட்சம். நாட்கூலி 1,500 ரூபா வாங்குபவர் இருபது வருடம் செய்திருந்தால், 14 நாளுக்கு 21,000. இருபது வருடத்துக்கு 4 இலட்சத்து 20 ஆயிரம். வேலை முடிந்து 30 நாளுக்குள் இது கொடுபட வேண்டும். இது சேமலாப நிதியிலிருந்து வருவது அல்ல. அது வேறு, இது வேறு.

அண்ணையின் கணக்கில் ஒரு கேள்வி இருந்தது. இடம்பெயர்ந்திருந்த வருடங்களைச் சேர்ப்பதா, விடுவதா? அந்த வருடங்களில் தோட்டம் யாரையும் நிறுத்தவில்லை. யாரும் வேலையை விட்டுப் போகவுமில்லை. நிறுத்தல் கடிதம் என்று ஒன்று எந்தக் கோவையிலும் இல்லை. அதனால் 1985 நியமனத்திலிருந்து இன்றுவரை நாற்பது வருடமும் எண்ணப்பட்டிருக்கிறது. அவர் காய் எண்ணிய மாதிரியே நாங்களும் எண்ணினோம். மதிப்புப் போடவில்லை. இடம்பெயர்ந்து திரும்பிய மற்ற எல்லோருக்கும் அவரவர் ஓய்வு வரும்போது இதே முறைதான். இதைச் சங்கத்துக்கு எழுத்திலும் கொடுத்திருக்கிறோம்.

அண்ணை, உங்களிடம் ஆறு வருடம் கணக்குப் பழகிய தங்கச்சிதான் திங்கட்கிழமை காலை செக்ரோல் கூப்பிடப் போகிறா. நூற்றுக்கு ஒரு காய் ஒதுக்குவதை அவ விடமாட்டா என்று எங்களுக்குத் தெரியும். மரத்தில் காது வைத்துக் கேட்பது இன்னும் முழுதாகக் கைவரவில்லை என்று அவவே சொல்கிறா. நேரம் கிடைக்கும்போது ஒரு தடவை மதகடித் துண்டுக்கு வந்து அவவோடு நடந்து கொடுங்கோ. மற்றபடி நீங்கள் வரவேண்டிய கடமை இல்லை. அக்காவும் இத்தனை வருடம் விடியற்காலைத் தேத்தண்ணி ஊற்றி அனுப்பியவ. இனிக் கொஞ்சம் ஆறுதலாக எழும்பட்டும்.