மேடை ஏறுமுன் பிள்ளை சொல்லும் நாலு வார்த்தை
(தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது பற்றி எங்கள் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டீர்கள். நாங்கள் கணவன் மனைவி இருவரும் பால்மரம் வெட்டுகிறவர்கள். மேடைப் பேச்சில் எங்களுக்குப் பழக்கம் கிடையாது. ஆகையால் முழுப் பேச்சைப் பற்றிப் பேசப் போவதில்லை. போட்டியில் கதை சொல்லத் தொடங்குமுன் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு நிமிடம் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி மட்டும் சொல்லுகிறோம். அதில் ஒரு முறை தோற்றோம். இரண்டாம் முறை கற்றுக்கொண்டோம்.

தோற்றது எங்கள் மகன் விஷயத்தில். அவன் முதலாம் ஆண்டில் படித்தபோது, நல்ல தமிழில் இருக்க வேண்டுமென்று படித்த ஒருவரிடம் எழுதி வாங்கினோம். அவரும் பிரியமாகவே எழுதித் தந்தார். “பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, நடுநிலை தவறாத நீதிமான்களே” என்று தொடங்கிற்று. “என் தந்தையார் தோட்டத்தில் பணிபுரிந்து, குடும்பத்தைக் காத்து, எங்களைக் கல்வி பயில வைத்து, நல்வழிப்படுத்தி வருகின்றார்” என்று ஒரு வாக்கியம் இருந்தது. வீட்டில் பையன் தண்ணீர் பட்டபாடாய் ஒப்பித்தான். மேடையில் “காத்து” வரை வந்தான், நின்றான். மறுபடி “பெருமதிப்பிற்குரிய” என்று முதலிலிருந்து தொடங்கினான். அதே இடத்தில் மறுபடி நின்றான். மூன்றாம் முறை அழுதுகொண்டே இறங்கிவிட்டான்.

குற்றம் பிள்ளையின் மேலா? அல்ல. எழுதித் தந்தவர் மேலுமல்ல. அந்த வாக்கியத்தைப் பாருங்கள். “பணிபுரிந்து, காத்து, பயில வைத்து, நல்வழிப்படுத்தி” என்று நாலு கொக்கி ஒன்றோடொன்று மாட்டியிருக்கிறது. ஒரு கொக்கி கழன்றால் சங்கிலி முழுவதும் விழுந்துவிடும். “நடுநிலை” என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. பொருள் தெரியாத சொல்லைப் பிள்ளை ஓசையாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. ஓசை அறுந்தால் பிடிக்க வேறு கொம்பு இல்லை.

இரண்டு வருஷம் கழித்து மகளுக்கு முறை வந்தது. இந்தத் தடவை எதையும் நாங்களாக எழுதுவதில்லை, அவள் சொல்வதைத்தான் எழுதுவது என்று முடிவு செய்தோம். இரவு சாப்பாடு முடிந்து அவளுக்குச் சடை பின்னும் நேரத்தில் அம்மா கேட்க, அப்பா நோட்டில் எழுதினார். அம்மா ஐந்தே கேள்வி கேட்டாள். நீ யார்? வீடு எங்கே? அப்பா என்ன செய்கிறார்? அம்மாவும் அண்ணனும் எப்படி? உனக்கு எது பிடிக்கும்? இவ்வளவுதான்.

பிள்ளை சொன்னதையெல்லாம் போட முடியாது என்பது உடனே தெரிந்தது. கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் பற்றியும் அவள் சொன்னாள்! அதை அடித்துவிட்டோம். வீட்டுக்குள் இருக்க வேண்டிய சங்கதியை மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆனால் இரண்டு இடத்தில் எங்களுக்கே தகராறு வந்தது.

“வேலை விட்டு வந்தா அப்பா சட்டையில ஒட்டுப்பால் வாசம் வரும்” என்றாள். “என்னாங்க, நாலு பேர் முன்னால இது வேணாங்க” என்றாள் அம்மா. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பிள்ளை நாத்தம்னு சொல்லலியே, வாசம்னுதானே சொல்லுது? இருக்கட்டும்” என்றார்.

மற்றொன்று மழை. “எனக்கு மழை பெஞ்சா ரொம்பப் பிடிக்கும். அன்னைக்கு அப்பாவும் அம்மாவும் வீட்டுல இருப்பாங்க” என்றாள். தோழர்களே, மழை என்றால் நமக்கு என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டை நனைந்துவிட்டால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டை விட்டு வழிந்து போகும். மங்கில் விழுந்ததும் தண்ணீரோடு கலந்துவிடும். அன்றைய வெட்டும் போச்சு, கூலியும் போச்சு. விடியற்காலையில் கூரையில் சத்தம் கேட்டால் நமக்கு வயிறு கலங்குகிறது. அதே சத்தத்துக்கு அந்தப் பிள்ளை போர்வைக்குள் சிரித்துக்கொண்டு கிடந்திருக்கிறது! எங்களுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை அடிக்க எங்களுக்குக் கை வரவில்லை.

கடைசியில் அவள் சொன்னது இதுதான். பெயரை மட்டும் விட்டுவிட்டோம். உங்கள் பிள்ளையின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

“எல்லாருக்கும் வணக்கம். என் பேர் …… எனக்கு ஏழு வயசு. நான் முதலாம் ஆண்டு படிக்கிறேன்.

எங்க வீடு தோட்டத்து லயத்துல இருக்கு. வீட்டுக்குப் பின்னால ஒரு ரம்புத்தான் மரம் இருக்கு.

எங்க அப்பா பால்மரம் வெட்டுறாரு. விடியறதுக்கு முன்னாலயே நெத்தியில விளக்குக் கட்டிக்கிட்டுப் போவாரு. வேலை விட்டு வந்தா அவர் சட்டையில ஒட்டுப்பால் வாசம் வரும்.

எங்க அம்மாவும் வேலைக்குப் போவாங்க. அதனால ராத்திரியே எனக்குச் சடை பின்னி விடுவாங்க. எனக்கு ஒரு அண்ணன் இருக்கான். அவன் என் ரம்புத்தானையும் சேத்துத் தின்னுடுவான்.

எனக்கு மழை பெஞ்சா ரொம்பப் பிடிக்கும். அன்னைக்கு அப்பாவும் அம்மாவும் வீட்டுல இருப்பாங்க. இப்ப நான் ஒரு கதை சொல்லப் போறேன்.”

நிறுத்தி நிதானமாகச் சொன்னால் இது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு மூச்சில் அடங்கும். அடங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பது? பிள்ளை வாக்கியத்தின் நடுவில் மூச்சு இழுத்தால் அது நீளம் என்று அர்த்தம், இரண்டாக வெட்டிவிடுங்கள். முதலில் “விளக்குக் கட்டிக்கிட்டு, கத்தியை எடுத்துக்கிட்டு, சைக்கிள்ல ஏறிக்கிட்டு” என்றுதான் எழுதியிருந்தோம். அவள் கத்தியிலேயே மூச்சு வாங்கினாள். கத்தியையும் சைக்கிளையும் எடுத்துவிட்டோம்.

பேச்சுத் தமிழில் சொல்லலாமா என்று சிலர் கேட்பீர்கள். நாங்களும் டீச்சரிடம் கேட்டோம். “கதையை எழுத்துத் தமிழில் சொல்லட்டும். தன்னைப் பற்றிச் சொல்வது வீட்டுத் தமிழாக இருக்கட்டும். ஆனால் உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும்” என்றார். உங்கள் பள்ளியில் விதி வேறாக இருக்கலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்துத் தமிழ்தான் வேண்டுமென்றாலும் வாக்கியத்தை மாற்ற வேண்டாம். “வெட்டுறாரு” என்பதை “வெட்டுகிறார்” என்றும், “இருக்கு” என்பதை “இருக்கிறது” என்றும் முடிவை மட்டும் மாற்றினால் போதும்.

உச்சரிப்பில் எங்களுக்கு வந்த சங்கடம் ஒரே எழுத்து. ஏழு வயசுப் பிள்ளை தன் வயதைச் சொல்லாமல் இருக்க முடியாது. “ஏழு” என்பதில் ழகரம் உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு “ஏளு” என்றுதான் வந்தது. திட்டினால் வராது. ளகரத்துக்கு நாக்கு நுனி மடங்கி மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கும் நாக்கு மடங்கும், ஆனால் மேலே தொடக் கூடாது. “தொடாம சொல்லு, தொடாம சொல்லு” என்று தினம் பத்துத் தடவை அந்த ஒரு சொல்லை மட்டும் பழக்கினோம். மழையில் வரும் ழகரமும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

இனி மனப்பாடம். மேலே கண்டது ஐந்து பத்தி, கைவிரலும் ஐந்து. கட்டைவிரல் நான், ஆள்காட்டி விரல் வீடு, நடுவிரல் அப்பா, மோதிரவிரல் அம்மாவும் அண்ணனும், சுண்டுவிரல் மழை. கையைப் பக்கத்தில் தொங்கவிட்டபடியே ஒவ்வொரு விரலாய்க் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டு போகலாம், பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரு விரலில் மறந்துவிட்டால் திரும்பிப் போகாதே, அடுத்த விரலுக்குப் போ என்று சொல்லிக்கொடுத்தோம். விட்டுப்போனது கேட்பவருக்குத் தெரியப் போவதில்லை. திரும்பிப் போனால்தான் எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளை உண்மையாகவே அறிந்திருக்கிறதா, வெறும் ஒப்புவிப்பா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. நடுவில் ஒரு விரலைப் பிடித்து, “இது என்ன?” என்று கேளுங்கள். உடனே அந்த இடத்திலிருந்து சொன்னால் அறிந்திருக்கிறது. “எல்லாருக்கும் வணக்கம்” என்று ஆரம்பித்தால் இன்னும் ஓசையைத்தான் பிடித்திருக்கிறது. எங்கள் மகனைப் போன முறை இப்படி நாங்கள் சோதிக்கவில்லை.

சத்தத்துக்கு ஒரு பழக்கம். அம்மா லயத்தின் ஒரு கோடியில் நின்றுகொள்வாள். பிள்ளை இருபது அடி தள்ளி நின்று சொல்லும். பிள்ளைகள் வாக்கியத்தின் முதலைக் கத்திவிட்டு முடிவை விழுங்கிவிடுகிறார்கள். “இருக்கு” என்ற கடைசிச் சொல் காதில் விழுந்தால்தான் அடுத்ததுக்குப் போக விட்டோம்.

போட்டியன்று நாங்கள் முன்வரிசையில் உட்காரவில்லை. பெற்றோர் கீழேயிருந்து வாயை அசைத்துக் காட்டினால் பிள்ளை அந்த வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு கணம் நாம் திரும்பினால் நின்றுவிடும். அதனால் பின்னால் நின்றோம். அண்ணனைப் பற்றியதை அவள் மறந்துவிட்டாள். மறந்தவள் சுண்டுவிரலுக்குப் போய்விட்டாள். ஒட்டுப்பால் வாசம் என்றபோது கூடத்தில் சிரிப்பு வந்தது. மழை என்றபோது சிரிப்பில்லை. வெட்டுக்காரர்கள் பலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. கதையில் இரண்டு இடம் தடுமாறினாள். இந்த வழி அறிமுகத்துக்குத்தான் உதவும். முழுப் பேச்சுக்கு வேறு பயிற்சி வேண்டும். மூத்த வகுப்புப் பிள்ளைகள் எழுத்துத் தமிழிலேயே பழக வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

வீட்டுக்கு வரும் வழியில் மகன் கேட்டான்: “என்னைப் பத்தி ஏன் சொல்லல?” “மறந்துட்டேன்” என்றாள். “அப்ப எப்படி அழாம நின்னே?” என்றான். அவள் கையை விரித்துக் காட்டினாள். அவன் ஒவ்வொரு விரலாய்த் தொட்டுக் கேட்டுக்கொண்டே வந்தான்.

மறுநாள் விடியற்காலை மழை. வேலை இல்லை. மனசு கனத்துத்தான் எழுந்தோம். ஆனால் போர்வைக்குள் கிடந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, மறுபடி விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டோம்.