பேராசிரியருக்கு ஒரு கடிதம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் கடிதம் எழுதுவதைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு உறவுக் கடிதமும் அலுவல் கடிதமும் சொல்லித் தருகிறோம். ஆனால் தோட்டத்தை விட்டுப் போன பிள்ளைக்கு முதன்முதலில் தேவைப்படும் கடிதம் வேறொன்று. 'ஐயா, இன்று விரிவுரைக்கு வரவில்லை' என்னும் கடிதம்தான் அது.

நம் பழைய மாணவி ஒருத்தியின் கதையைக் கேளுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறையில் முதலாண்டு. 1956-இல் தொடங்கப்பட்ட துறை அது. அங்கே பேராசிரியருக்குத் தமிழிலேயே எழுதலாம். வார விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தவள், திங்கட்கிழமை காலை 6.30 மணிக்குப் பீடோரில் பஸ் ஏறினாள். பத்து மணிக்கு இலக்கண விரிவுரை. ஏழரை மணிக்குத் தஞ்சோங் மாலிம் அருகில் இஞ்சின் சூடேறி, புகை கிளம்பி, பஸ் ஓரங்கட்டி நின்றுவிட்டது. மாற்றுப் பஸ் வந்தபோது மணி 9.30. கோலாலம்பூரில் இறங்கியபோது மணி 10.45. பதினொரு மணிக்கு விரிவுரை முடிந்து போயிற்று.

அன்று பகல் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். அப்பா சொன்னாராம்: "பஸ்ஸு நின்னு போச்சுன்னா யாரும்மா நம்புவாங்க? அம்மாவுக்கு ஒடம்பு முடியலேன்னு எழுதிடு."

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்தில் ஒருநாள் பெரட்டுக்கு வராதவனை மண்டோர் எப்படிக் கேட்பார் என்பதை அறிந்தவர் அவர். சிறிய காரணம் எடுபடாது, பெரிய காரணம்தான் எடுபடும் என்பது அவர் கண்ட அனுபவம். அவள் அப்படியே ஒன்றரைப் பக்கம் எழுதினாள். 'தங்கள் பொற்பாதம் பணிந்து' என்று தொடங்கி, அம்மாவின் காய்ச்சல், ஆஸ்பத்திரி, தம்பிக்குத் துணையில்லாமை என்று போய், 'கருணை கூர்ந்து மன்னித்தருள வேண்டும்' என்று முடிந்தது. அனுப்புமுன் என்னிடம் படித்துக் காட்டினாள்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அடுத்த மாதம் அம்மாவுக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தால் என்னம்மா எழுதுவாய்?" அவள் பேசவில்லை. இன்று பொய்யாய்ப் படுக்க வைத்த அம்மாவை, நாளை மெய்யாய்ப் படுத்தபோது பேராசிரியர் நம்பமாட்டார். மேலும், நோய் என்றால் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். பஸ் பழுதுக்கோ கையில் பயணச்சீட்டு இருக்கிறது. அதில் தேதியும் புறப்படும் நேரமும் அச்சாகியிருக்கும். பலவீனமான காரணம் என்று அவள் நினைத்ததற்குத்தான் சாட்சி இருந்தது!

சரி, ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டால் என்ன? இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 80 விழுக்காடு வருகை வேண்டும். குறைந்தால் தேர்வெழுதத் தடை வரலாம். ஒரு பருவத்தில் 14 வாரம், வாரம் ஒரு விரிவுரை என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு விடுபட்டால் 12 வருகை. அது 85 விழுக்காட்டுக்கு மேல். மூன்றாவதும் விடுபட்டால் 11; அது 78 விழுக்காடுதான். ஆக, காரணம் சொல்லாமல் விட்ட ஒரு நாள், மூன்றாவது நாளன்று வந்து கழுத்தைப் பிடிக்கும். அன்று போய்ப் பழைய பஸ் கதையைச் சொன்னால் அது சாக்காகத்தான் தோன்றும். அதனால்தான் அன்றைக்கே எழுத வேண்டும். சாலையோரத்தில் நிற்கும்போதே, விரிவுரை தொடங்குமுன் கைத்தொலைபேசியில் இரண்டு வரி அனுப்பிவிட்டால் அதைவிட நல்லது.

பிறகு அவளும் நானும் அந்தக் கடிதத்தைத் திருத்தினோம். அதன் கடைசி வடிவம் இது:

'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். இன்று திங்கட்கிழமை காலை 10 மணி இலக்கண விரிவுரைக்கு நான் வரவில்லை, அதற்காக வருந்துகிறேன். பீடோரிலிருந்து 6.30 மணிக்குப் புறப்பட்ட பேருந்து தஞ்சோங் மாலிம் அருகில் பழுதாகி, மாற்றுப் பேருந்து வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. இன்றைய குறிப்புகளைத் தோழியிடம் வாங்கிக்கொண்டேன். புணர்ச்சிப் பயிற்சியை வியாழனன்று ஒப்படைப்பேன். இனி ஞாயிறு மாலையே திரும்பிவிடுவேன். பயணச்சீட்டு என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.'

கீழே பெயர், மெட்ரிக் எண், வகுப்பு. மின்னஞ்சல் ஆகையால், தலைப்பில் 'திங்கள் 10 மணி இலக்கண விரிவுரைக்கு வராமை' என்று போட்டாள். நூற்றுக்கணக்கான மாணவரை அறிந்த பேராசிரியருக்கு யார், எந்த வகுப்பு என்பது தேடாமல் தெரிய வேண்டும் அல்லவா?

இந்தக் கடிதத்தில் மூன்று செய்திகளைக் கவனியுங்கள்.

முதலாவது, 'நான் வரவில்லை' என்கிறாள். 'வருகை தடைபட்டுவிட்டது' என்று எழுதியிருந்தால், வராத ஆள் யாரென்றே தெரியாமல் போகும். வினைக்கு எழுவாய் வேண்டும் என்று பள்ளியில் படித்தது இங்கேதான் உதவுகிறது.

இரண்டாவது, 'வருந்துகிறேன்' என்கிறாள்; 'பாதம் பணிந்து மன்னிப்பு' என்று கெஞ்சவில்லை. பஸ் நின்றது அவள் குற்றமன்று. செய்யாத குற்றத்துக்குக் காலில் விழுந்தால், வேறெதையோ மறைக்கிறாள் என்று படிப்பவர் நினைப்பார். ஆனால் விரிவுரை நாளின் காலையில் பஸ் ஏறியது அவளுடைய முடிவு. அதை அவள் மறைக்கவில்லை. 6.30 மணி என்று எழுதி, இனி ஞாயிறே திரும்புவேன் என்றாள். தன் பங்கு எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் பொறுப்பேற்பதுதான் நேர்மை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

மூன்றாவது, கடிதத்தில் இல்லாதவை. 'முக்கியமாக ஏதாவது நடத்தினீர்களா?' என்ற கேள்வி இல்லை. ஒரு மணி நேரம் நின்று பேசிய ஆசிரியரிடம் அப்படிக் கேட்கலாமா! குறிப்பை அனுப்புங்கள் என்ற வேலை ஏவலும் இல்லை. வருகைப் பதிவைத் திருத்துங்கள் என்ற வேண்டுகோளும் இல்லை. டாக்டர் சான்றிதழைப் போல பஸ் பழுது கட்டாயம் ஏற்கப்படும் காரணமன்று. ஏற்பதும் விடுவதும் பேராசிரியர் பொறுப்பு. காரணத்தைச் சொல்லிவிட்டு அவரிடம் விட்டுவிடுவதே மரியாதை.

பேராசிரியரிடமிருந்து மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது: 'சரி, வியாழன் பயிற்சியோடு வாருங்கள்.' வருகைப் பதிவில் அந்த நாள் விடுபட்ட நாளாகவே இருந்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. இன்னும் இரண்டு விரிவுரை விடுபட்டால் ஆபத்து என்பதைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பாவிடம் அந்தப் பதிலைப் படித்துக் காட்டினேன். "அவ்வளவுதானா சார்? ஒண்ணுமே கேக்கலியா?" என்றார்.

கேட்க வேண்டியதையெல்லாம் அந்தக் கடிதமே சொல்லியிருந்தது.