நாங்கள் இல்லாத இடத்தில் எங்கள் தாள்கள்



தொழில் செய்யும் பழைய மாணவிகளுக்குப் பயன்படும் ஏதாவது ஒன்றைப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டார். நோயைப் பற்றியோ உணவைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் பேச வந்திருப்பது விலைப்பட்டியல், முன்மொழிவு, மின்னஞ்சலின் அடியில் வரும் நான்கு வரி ஆகியவற்றைப் பற்றி. சிறிய வைத்திய நிலையம் ஒன்றை நடத்துவதால், இவற்றை நாங்கள் அனுப்புகிறோம். மற்றவர்களிடமிருந்தும் நிறைய வாங்குகிறோம். வாங்கும் பக்கத்தில் இருந்து பார்க்கும்போதுதான் இந்த விஷயம் நன்றாக விளங்குகிறது.

எங்களுக்குப் பணம் கொடுக்கும் முடிவை எடுப்பவர் பெரும்பாலும் எங்களைக் கண்டதே இல்லாத ஒருவர். ஒரு கம்பனியின் முகாமையாளரோடு நாங்கள் பேசியிருப்போம்; அவருக்கு எங்களை நன்றாகப் பிடித்தும் இருக்கும். ஆனால் காசோலையை எழுதுவது கீழ்மாடியில் இருக்கும் கணக்குப் பகுதி. அங்கிருப்பவர் முன்மொழிவை ஒரு கையிலும் விலைப்பட்டியலை மறு கையிலும் வைத்து, இரண்டும் ஒரே ஆளுடையதா என்று பார்க்கிறார். அவருக்கு நாங்கள் என்றால் அந்தத் தாள்கள்தான். அழகான சின்னமும் நல்ல நிறமும் இதற்குப் பிறகுதான் வரும். முதலில் பெயர்.

தமிழ்ப் பெண்களாகிய எங்களுக்குப் பெயரில்தான் பெரிய சிக்கல். எங்களோடு படித்த ஒருவர் இயன்மருத்துவர். அவருடைய உண்மைப் பெயரை விட்டுவிட்டு ஜெயந்தி என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார் கந்தையா, கணவர் சிவகுமார். ஓர் அலுவலகத்தில் நாள் முழுவதும் கதிரையில் இருந்து முதுகுவலியோடு வீடு போகும் ஊழியர்களுக்கு, கிழமைக்கு ஒருநாளாக ஆறு நாள் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டார். ஒரு நாளுக்கு 15,000 ரூபா, மொத்தம் 90,000. வேலை நன்றாக முடிந்தது. பணம் வர மட்டும் ஏழு கிழமை பிடித்தது.

காரணத்தைத் தேடி அவருடைய தாள்களை மேசையில் பரப்பினோம். முன்மொழிவில் Jeyanthi Sivakumar. மின்னஞ்சலில் பெயர் வரும் இடத்தில் Jayanthy K. விலைப்பட்டியலில் Mrs. J. Sivakumar. வங்கிக் கணக்கோ கலியாணத்துக்கு முன் திறந்தது; அதில் Kandiah Jeyanthi. ஒரே மனுஷி, நான்கு பெயர். கணக்குப் பகுதி விலைப்பட்டியலைப் பார்த்து Mrs. J. Sivakumar என்று குறுக்குக் கோடிட்ட காசோலை எழுதியது. அந்தப் பெயரில் கணக்கு இல்லை என்று வங்கி திருப்பியது. பிறகு கடிதம், விவாகச் சான்றிதழின் பிரதி, புதிய காசோலை, அதற்கு இரண்டு பேருடைய கையொப்பம். இதில் எவரும் கெட்டவர் இல்லை. எல்லோரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள்.

எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்று அவர் கேட்டார். கணவர் பெயரா தகப்பனார் பெயரா என்பது அவரவர் விருப்பம். அதில் நாங்கள் தலையிட மாட்டோம். ஆனால் தெரிவுசெய்ய ஒரு வழி இருக்கிறது. மாற்றுவதற்கு எது மிகவும் கடினமோ அதிலிருந்து தொடங்க வேண்டும். வைத்தியத் துறையில் இருப்பவர்களுக்கு அது மருத்துவ சபையின் பதிவேட்டில் உள்ள பெயர். அடுத்தது வங்கிக் கணக்கு. இவை இரண்டும் ஒன்றாக இருந்தால் கேள்வியே இல்லை. விலைப்பட்டியலும் முன்மொழிவும் மின்னஞ்சலும் அந்தப் பெயருக்கு வந்துவிட வேண்டும். ஜெயந்திக்கு இரண்டிலும் Kandiah Jeyanthi என்றே இருந்தது. சந்தியில் அவரை எல்லோரும் மிஸிஸ் சிவகுமார் என்றே கூப்பிடுகிறார்கள், கூப்பிடட்டும். தாளில் மட்டும் அந்த ஒரு பெயர்.

எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். ஜெயந்தியை ஆங்கிலத்தில் Jeyanthi, Jayanthi, Jeyanthy என்று எப்படியும் எழுதலாம். எங்கள் காதுக்கு எல்லாம் ஒன்று. கணினிக்கு அவை மூன்று ஆட்கள். ஒருவர் தன் பழைய மின்னஞ்சல்களில் உங்கள் பெயரைத் தேடும்போது ஓர் எழுத்து மாறினாலும் நீங்கள் அகப்பட மாட்டீர்கள். பெயரின் ஒழுங்கும் மாறக்கூடாது. தகப்பனார் பெயரை முன்னுக்கு எழுதும் எங்கள் வழக்கத்தை வெளிநாட்டில் இருப்பவர்கள் தலைகீழாக விளங்கிக்கொள்வார்கள் என்பதற்காக, ஒரு தாளில் முன்னும் இன்னொரு தாளில் பின்னுமாக எழுதினால் குழப்பம் இரட்டிக்கும்.

பெயர் முடிவான அன்று மாலையே ஒரு பக்கத் தாள் ஒன்றை எழுதினோம். மேலே பெயர், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், எழுத்துக்கு எழுத்து. சிங்கள எழுத்தை, அதைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்தோம். அதன்கீழ் தகுதிகள், ஒரே ஒழுங்கில். பதிவிலக்கம். முகவரி, வீதி என்று எழுதுவதா றோட் என்று எழுதுவதா என்பதுகூட. போன் இலக்கம் +94 77 என்று தொடங்கும் வடிவத்தில். இதில் பலர் +94 077 என்று எழுதுகிறார்கள். +94 வந்தால் முன்னால் உள்ள பூச்சியம் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் ரொறன்ரோவில் இருப்பவர் அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். கடைசியில் நிறத்தின் இலக்கம். அவர் விரும்பியது கடும் சிவப்பு. கணினியில் அது #7A1F2B. இலக்கமாக எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் கண்ணால் தெரிவுசெய்ய, ஆறு மாதத்தில் ஆறு சிவப்பு சேர்ந்துவிடும்.

பிறகு ஒவ்வொரு தாளாக எடுத்தோம். விலைப்பட்டியலில் தொடர் இலக்கம் இல்லை, முன்மொழிவின் இலக்கமும் இல்லை. கணக்குப் பகுதிக்கு இது எதற்கான பணம் என்று சொல்வது அந்த இலக்கம்தான். முன்மொழிவுக்கு 2024/P/03 என்று கொடுத்தால், விலைப்பட்டியலில் தன் இலக்கத்தின் கீழ் 'முன்மொழிவு 2024/P/03 இன்படி' என்று ஒரு வரி வரவேண்டும். முன்மொழிவில் 'ஆறு பயிற்சி நாட்கள்' என்றிருந்தால் விலைப்பட்டியலிலும் அதே சொற்கள். இங்கே பயிற்சி, அங்கே ஆலோசனை என்று மாற்றினால் புதிதாக ஏதோ சேர்ந்துவிட்டதாகத் தோன்றும். திகதியில் மாதத்தைச் சொல்லால் எழுதுங்கள். 03/04 என்பது இங்கே ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4.

தலைப்பில் 'வரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்தவர் மட்டுமே வரி விலைப்பட்டியல் கொடுக்கலாம். இணையத்தில் எடுத்த மாதிரிப் படிவத்தில் அந்தத் தலைப்பு இருக்கிறது என்பதற்காக அதை அப்படியே வைத்தால், நல்ல கணக்காளர் உடனே பதிவிலக்கம் எங்கே என்று கேட்பார்.

வைத்தியர்களுக்கு மட்டும் ஒரு சொல். ஊழியர்களைப் பரிசோதித்துவிட்டு அவர்களுடைய கம்பனிக்கு விலைப்பட்டியல் அனுப்பும்போது, அதில் எத்தனை பேர், ஒருவருக்கு எவ்வளவு என்பவை போதும். யாருக்கு என்ன நோய் என்பது அந்தத் தாளில் ஏறக்கூடாது. அது எத்தனை மேசைகளைக் கடந்து போகிறது என்று எங்களுக்குத் தெரியாது.

மின்னஞ்சலின் அடியில் வரும் கையொப்பப் பகுதியை ஜெயந்தி ஒரு படமாகச் செய்வித்து வைத்திருந்தார். பார்க்க வடிவுதான். ஆனால் பல அலுவலகங்களின் மின்னஞ்சல் படங்களைத் தானாகக் காட்டாது. அப்போது அந்த இடத்தில் வெறும் பெட்டி ஒன்று இருக்கும். படத்தில் உள்ள போன் இலக்கத்தைப் பிரதி எடுப்பதும் எளிதல்ல. எழுத்தாகவே நான்கு வரி போதும்: பெயர், தொழிலும் பதிவிலக்கமும், போன், முகவரி. கணினியில் வைத்த கையொப்பம் போனுக்குத் தானாகப் போகாத இடங்களும் உண்டு. அதனால் பகலில் முழு முகவரியோடும் இரவில் Sent from my iPhone என்ற ஒற்றை வரியோடும் ஒரே ஆளிடமிருந்து பதில் போகிறது. போனிலும் ஒருமுறை வைத்துவிடுங்கள்.

தமிழில் கடிதம் அனுப்புபவர்கள் எழுத்துருவையும் பார்க்க வேண்டும். எங்களில் பலர் பாமினியில் தட்டச்சுப் பழகியவர்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது jkpo; என்ற ஆங்கில எழுத்துகள்தான்; எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் உங்கள் பெயரின் இடத்தில் jkpo; போன்ற ஒன்று நிற்கும். யூனிகோடில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. வேர்ட் கோப்பாக அனுப்பாமல் பிடிஎப் ஆக்கி அனுப்பினால், வரிகளும் பெட்டிகளும் நீங்கள் வைத்த இடத்திலேயே நிற்கும். விலையை எவரும் தவறுதலாக அழித்துவிடவும் மாட்டார்கள்.

நிறத்துக்கு ஒரு சோதனை சொல்கிறோம். தாளைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, அதைப் போட்டோப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வாசித்துப் பாருங்கள். கணக்குப் பகுதியின் கோப்புக்குள் போவது பெரும்பாலும் அதுதான். வெளிர் மஞ்சளில் எழுதிய வங்கி இலக்கம் அங்கே காணாமல் போயிருக்கும். ஜெயந்தியின் சிவப்பு தப்பியது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. கடிதத் தலைப்பின் மூலையில் எங்கள் பாடசாலைச் சின்னத்தைப் போட அவருக்கு ஆசை. அன்பு விளங்குகிறது, ஆனால் அந்தச் சின்னம் பாடசாலையுடையது. அதை எங்கள் விலைப்பட்டியலில் வைத்தால், 15,000 ரூபாவைப் பாடசாலையும் சேர்ந்து கேட்பதுபோல் இருக்கும். இலங்கை அரச சின்னத்துக்கும் மருத்துவ சபைச் சின்னத்துக்கும் இதே கணக்குத்தான். படித்த இடத்தைத் தன்விபரக் கோவையில் எழுதலாமே! வைத்தியர்களுக்கு விளம்பரம் பற்றிய ஒழுக்க நெறிகள் இருப்பதால், 'தலைசிறந்த', 'முன்னணி' போன்ற சொற்களையும் தலைப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்வோம்.

அடுத்த முறை அதே அலுவலகத்துக்கு அவர் புதிய தாள்களோடு போனார். கணக்குப் பகுதியிலிருந்து ஒரு போனும் வரவில்லை. பதினைந்தாம் நாள் காசோலை வந்தது. வேறு எதையும் அவர் மாற்றவில்லை. பயிற்சியும் அதேதான், விலையும் அதேதான்.

அந்த ஒரு பக்கத் தாளின் வெற்றுப் படிவத்தைப் பிரதி எடுத்துக் கொண்டுவந்திருக்கிறோம். தேநீர் இடைவேளையில் வாசல் மேசையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வரியைப் பென்சிலால் நிரப்புங்கள். வங்கிப் புத்தகத்தைத் திறந்து பார்த்த பிறகு பேனாவால் எழுதலாம்.