ஐந்து நட்சத்திரமும் சப்பைத் தண்ணியும்



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் போர் போட்டால் தண்ணீர் வரும். ஆனால் பல இடங்களில் அது வாயில் வைக்க முடியாத சப்பைத் தண்ணியாக இருக்கும். பாத்திரம் கழுவலாம், துணி அலசலாம். குடிக்கவும் சோறாக்கவும் நல்ல தண்ணி வேண்டும். அதற்குக் குழாயில் தண்ணீர் விடும் நாளைப் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் கேன் வாங்க வேண்டும். அந்த வட்டாரத்தில் இருக்கும் குமாரலிங்கபுரத்தில் ஒரு குடும்பம், கேனுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்கலாம் என்று, வீட்டிலேயே தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் ஒன்றை வாங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

செல்போனில் தேடினால் ஏழெட்டு மிஷின்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே 4.2, 4.3, 4.4 என்று மதிப்பெண் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஆயிரக்கணக்கானோர் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார்கள். பெரும்பாலானவற்றில் ஒரு வரிகூட இருக்காது. இருக்கும் சிலவற்றிலும் ‘சூப்பர்’, ‘நல்ல பொருள்’, ‘சொன்ன தேதிக்கு வந்தது’ என்பதோடு முடிந்துவிடும். வாங்கியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் அந்த மிஷின் நன்றாகவே ஓடியிருக்கும். குமாரலிங்கபுரத்து வீட்டில் ஓடுமா என்பதற்கு மட்டும் அந்த நட்சத்திரங்களில் பதில் கிடையாது. ஏன் கிடையாது என்பதைத் தண்ணீரை வைத்தே பார்த்துவிடலாம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை 500 வரை ஏற்றது என்கிறது; வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்த உப்பைக் குறைப்பது மிஷினுக்குள் இருக்கும் ஆர்.ஓ. மெம்பரேன். புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. மிஷின் உப்பைத் தொடவே தொடாது. 1,500 டி.டி.எஸ். உள்ள தண்ணீர் அதில் போனால், கிருமி செத்து, அதே 1,500-ஆக வெளியே வரும். ஆற்றுத் தண்ணீர் வரும் ஊரில் இருப்பவர் யு.வி. மிஷினுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் அது நியாயமான மதிப்பெண்தான். சப்பைத் தண்ணி வீட்டுக்காரர் அந்த மதிப்பெண்ணை நம்பி வாங்கினால், அவர் கொடுத்த காசு முழுவதும் வீண். போதாக்குறைக்கு, ஒரே கம்பெனியின் ஆர்.ஓ. மாடலையும் யு.வி. மாடலையும் ஒரே பக்கத்தில் சேர்த்துப் போட்டு விற்பதும் உண்டு. அப்போது இரண்டுக்கும் கிடைத்த நட்சத்திரங்கள் ஒரே கணக்கில் கலந்துவிடும். எழுதப்பட்ட விமர்சனமாக இருந்தால் எந்த மாடலைப் பற்றி எழுதியது என்று வாசகத்திலேயே தெரிந்துவிடும். வெறும் நட்சத்திரத்தில் அதற்கு இடமே இல்லை.

சரி, ஆர்.ஓ. மிஷினையே வாங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். புது மெம்பரேன் உப்பில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்துவிடும் என்று கொள்வோம். சென்னையில் ஒரு வீட்டுக் குழாயில் 300 டி.டி.எஸ். தண்ணீர் வருகிறது. மிஷினிலிருந்து 30 வரும். குமாரலிங்கபுரத்து வீட்டின் போர் தண்ணீர் 1,500 என்றால், வெளியே வருவது 150. இரண்டு வீட்டிலும் தண்ணீர் தித்திப்பாக இருக்கும். இரண்டு வீட்டாரும் முதல் வாரத்தில் ஐந்து நட்சத்திரம் போடுவார்கள்.

கொஞ்ச காலம் போகட்டும். மெம்பரேன் தேய்ந்து, பத்தில் ஏழு பங்கைத்தான் தடுக்கிறது. சென்னை வீட்டில் இப்போது வெளியே வருவது 90. நாக்குக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அந்த வீட்டார் போட்ட ஐந்து நட்சத்திரம் அப்படியே நிற்கும். குமாரலிங்கபுரத்தில் வெளியே வருவது 450. காபி போட்டால் தெரியும், பருப்பு வேகும் நேரத்தில் தெரியும். மிஷின் ஒன்றுதான், தேய்மானமும் ஒன்றுதான். ஒரு வீட்டில் அது கண்ணுக்கே தெரியாமல் போகிறது, இன்னொரு வீட்டில் மெம்பரேன் மாற்றச் சொல்லி சர்வீஸ்காரருக்குப் போன் போட வைக்கிறது. உண்மையில் தேய்மானமும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு சீக்கிரம் மெம்பரேன் மேல் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் உப்பு நீர் ஊர்களில் இந்தச் செலவு முன்னதாகவே வந்து நிற்கும்.

இன்னொரு சேதியும் இருக்கிறது. வீட்டு ஆர்.ஓ. மிஷின்கள் பலவும் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுக்க மூன்று குடம் வரை கழிவாக வெளியே விடும். தண்ணீர் தாராளமாக வரும் ஊர்க்காரர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். கண்மாய் வற்றிக் கிடக்கும் ஊரில், அந்தக் கழிவு நீரை எங்கே பிடிப்பது, எதற்குப் பயன்படுத்துவது என்பதுதான் மிஷினை வைக்கும் இடத்தையே முடிவு செய்யும். மிஷினைப் பற்றி இதைவிடப் பெரிய சேதி அந்த ஊருக்கு இல்லை. ஐந்து நட்சத்திரம் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அப்படியானால் அந்த 4.3 எங்கிருந்து வருகிறது? பால் பாவ்லோவும் அவருடன் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்களும் அமேசான் மதிப்பெண்களை ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலான பொருட்களுக்கு ஐந்து நட்சத்திரம் குவிந்து கிடக்கிறது, ஒற்றை நட்சத்திரம் ஓரளவு இருக்கிறது, நடுவில் மிகக் குறைவு என்று அவர்கள் கண்டார்கள். அதற்கு இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, பொருளை வாங்குபவரே அது பிடிக்கும் என்று நினைத்து வாங்குபவர். பிடிக்காது என்று நினைப்பவர் வாங்கவே மாட்டார். இரண்டாவது, வாங்கியவர்களிலும் ரொம்பப் பிடித்தவரும் ரொம்பக் கோபப்பட்டவரும்தான் மதிப்பெண் போட வருகிறார்கள். பரவாயில்லை என்று நினைப்பவர் பேசாமல் இருந்துவிடுகிறார். ஆகவே சராசரி என்று நாம் பார்ப்பது வாங்கிய எல்லோருடைய சராசரி அல்ல. பிறகு 2019-ல் அமேசான், ஒரு வரியும் எழுதாமல் ஒரே தட்டில் நட்சத்திரம் மட்டும் போடும் வசதியைக் கொண்டுவந்தது. மதிப்பெண் போடுவோர் எண்ணிக்கையைக் கூட்ட அது நல்ல வழிதான். ஆனால் அப்படி வந்த ஒரு நட்சத்திரத்துக்குப் பின்னால் மெம்பரேன் இருக்கிறதா, கூரியர்காரர் சீக்கிரம் வந்த சந்தோஷம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

நம்மூரில் நட்சத்திரத்தை நம்புவதற்கு ஒரு பழக்கமும் காரணம் என்று தோன்றுகிறது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரையை மக்கள் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2006 முதல் நடத்திவரும் திட்டம் அது. அங்கே ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பின்னால் ஒரு பரிசோதனை இருக்கிறது. வருடத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்ற எண்ணும் அந்த முத்திரையிலேயே அச்சாகியிருக்கும். ஆன்லைன் கடையின் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரமும் அதே வடிவம்தான். பின்னால் அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவருக்கு ஐந்து என்பது இன்னொருவருக்கு மூன்று.

எழுதப்பட்ட விமர்சனம் எந்த அளவுக்கு உதவுகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் முதாம்பி, டேவிட் ஷஃப் இருவரும் ஆறு பொருட்களுக்கு அமேசானில் வந்த 1,587 விமர்சனங்களை எடுத்து ஆராய்ந்து, 2010-ல் வெளியிட்டார்கள். நீளமாக விவரம் சொன்ன விமர்சனங்களையே மற்ற வாடிக்கையாளர்கள் உதவியானவை என்று அதிகம் குறித்திருந்தார்கள். கேமரா, செல்போன், பிரின்டர் போல, வாங்குமுன்பே குணங்களை விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய பொருட்களில் இந்த விவரத்தின் பலன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. தண்ணீர் மிஷினும் பெரும்பாலும் இந்த இனம்தான்: உள்ளே போகும் எண், வெளியே வரும் எண், மாற்றும் செலவு என்று எல்லாமே சொல்லக்கூடியவை.

எப்படி எழுதினால் உதவும்? இப்படி ஒரு விமர்சனத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம்: ‘போர் தண்ணீர் 1,400. பொருத்திய அன்று வெளியே 130 காட்டியது, எட்டு மாதம் கழித்து 260. வீட்டில் ஐந்து பேர், தினம் இரண்டு குடம் பிடிக்கிறோம். டேங்க் நிறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கரண்ட் குறைவாக வரும் சாயங்காலத்தில் மோட்டார் சத்தம் போடுகிறது. முன் ஃபில்டரை மூன்று மாதத்தில் மாற்ற வேண்டி வந்தது. சர்வீஸ்காரர் அருப்புக்கோட்டையிலிருந்து வர நான்கு நாள் ஆனது. மூன்று நட்சத்திரம்.’ இதில் மூன்று நட்சத்திரத்தை மறைத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது. தன் வீட்டுத் தண்ணீர் 600 என்று தெரிந்தவர், இதைப் படித்துவிட்டுத் தைரியமாக வாங்கலாம். 2,200 என்று தெரிந்தவர், 1,400-க்கே எட்டு மாதத்தில் 260 ஆகிவிட்டதைப் பார்த்து இந்த மிஷினை விட்டுவிடலாம். ஒரே விமர்சனம் ஒருவரை வாங்க வைக்கிறது, இன்னொருவரைத் தடுக்கிறது.

நீளமாக இருப்பதெல்லாம் இப்படி இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். கம்பெனியின் விளம்பர வாசகத்தையே திருப்பி எழுதிய நீள விமர்சனங்கள் நிறைய உண்டு. அவற்றில் எத்தனை நாள் ஓட்டினார்கள் என்ற கணக்கு இருக்காது, குறை ஒன்றும் இருக்காது, எந்த ஊர்த் தண்ணீர் என்பதும் இருக்காது. பெட்டிக்குள் ஒரு அட்டை வைத்து, ஐந்து நட்சத்திரம் போட்டால் பணம் திரும்பத் தருவதாக ஆசை காட்டும் விற்பனையாளர்களும் உண்டு. இந்தக் கோளாறுகளுக்காகத்தான் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்ப்பது, வந்த விமர்சனத்தைத் திருத்தாமல் வெளியிடுவது ஆகியவற்றுக்கு அதில் நெறிமுறை உண்டு. நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் அது வந்தது. முழுதாகப் பின்பற்றினாலும், நட்சத்திரம் போட்டவர் நிஜ ஆள் என்று தெரியுமே தவிர, அவர் வீட்டுக் கிணற்றில் என்ன தண்ணீர் என்று தெரியாது. அதை அவரேதான் எழுத வேண்டும்.

படிப்பவர் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. தன் வீட்டு எண் தெரியாமல் எந்த விமர்சனத்தைப் படித்தும் பயனில்லை. பேனா அளவு டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மிஷின் பொருத்த வருபவர் பையிலும் ஒன்று இருக்கும். கோடையில் ஒரு முறையும் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு முறையும் பார்ப்பது நல்லது. போர் தண்ணீரில் இரண்டும் ஒன்றாக இருக்காது. மீட்டர் உப்பின் மொத்தத்தை மட்டும் சொல்லும். ஃபுளோரைடு எவ்வளவு, கிருமி இருக்கிறதா என்பதை அது காட்டாது. அதற்கு ஒரு பாட்டில் தண்ணீரைப் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே தரும் முடிவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விமர்சனப் பக்கத்தைத் திறந்தால், முதலில் ஐந்து நட்சத்திரங்களைத் தள்ளிவிட்டு இரண்டு, மூன்று, நான்கு நட்சத்திரக்காரர்கள் எழுதியதைத் தேடலாம். அவர்களில் உப்புத் தண்ணீர் என்று சொல்லும் யாராவது ஒருவர், ஆறு மாதமாவது மிஷினை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.