விளையாட்டுச் சரித்திரத்தில் வினாவும் விடையும்

பெங்களூரின் பீன்யாத் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு கல்லூரியில் விளையாட்டுக் கழகத்தார் மாலைக் கூட்டம் ஒன்று கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதில் விளையாட்டுச் சரித்திரம் பற்றிப் பன்னிரண்டு வினாக்கள் கேட்கப்பட வேண்டும். அவற்றை எவ்வாறு அமைப்பது என்பதை இன்று நாம் ஆராய்வோம்.

முதற்கண் ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். "ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் யார்?" எளிய வினா போலத் தோன்றும் இதுவே கூட்டத்தில் பூசலை விளைவிக்க வல்லது. ஒரு குழு கே. டி. ஜாதவ் என்னும், 1952இல் ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்றவர் அவர். மற்றொரு குழு நார்மன் பிரிட்சர்ட் என்னும். கல்கத்தாவிற் பிறந்த அவர் 1900இல் பாரிஸில் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் வெள்ளி பெற்றார். சர்வதேச ஒலிம்பிக் குழு அவரை இந்தியாவின் கணக்கிற் சேர்க்கிறது. சரித்திர ஆசிரியர் சிலரோ பிரிட்டனின் கணக்கிற் சேர்க்கின்றனர். ஆகவே நடுவர் எதைச் சொன்னாலும் ஒரு குழுவினர் மனம் நோவர். "சுதந்திர இந்தியாவுக்காக" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டால் விடை ஒன்றேயாகும், பூசலும் நீங்கும். 'முதல்' என்ற சொல் வரும் வினாக்களிலெல்லாம், எந்த நாட்டுக்காக, எந்தப் போட்டியில், தனி ஆளா குழுவா என்பவற்றை வரையறுத்தல் வேண்டும்.

இனி, கடுமையை அளவிடும் வகையைக் காண்போம். நான்கு வினாக்கள் கொண்ட மூன்று சுற்றுகள் வைக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் எளியவை இரண்டு, நடுத்தரம் ஒன்று, கடினம் ஒன்று. இவ்வாறு அமைத்தால் எந்தச் சுற்றிலும் அவையோர் முற்றும் வாயடைத்து இருக்க நேராது.

ஒரே பொருளிலிருந்து மூன்று படிகளையும் எடுக்கலாம். ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தனிநபர் தங்கம் முதன்முதலில் தேடித் தந்தவர் யார் என்பது எளிது. 2008இல் பெய்ஜிங்கில் துப்பாக்கி சுடுதலில் வென்ற அபினவ் பிந்த்ராவைப் பலரும் அறிவர். ஜாதவைப் பற்றிய வினா நடுத்தரம். ஜாதவுக்குப் பின் அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு இந்தியா எத்தனை ஆண்டுகள் காத்திருந்தது என்பது கடினம். ஆயினும் இதனைச் சிந்தித்துக் காண வழியுண்டு. 1996இல் அட்லாண்டாவில் டென்னிஸில் லியாண்டர் பேயஸ் வெண்கலம் பெற்றதை நினைவுகூர்பவர், கழித்துப் பார்த்து 44 ஆண்டுகள் என்பார். வழியே இல்லாத வினா கடினமன்று; அது வெறும் புதிர். ஹெல்சிங்கியில் ஜாதவ் எத்தனையாம் நாள் மல்யுத்தம் புரிந்தார் என்று கேட்பது அத்தகையது.

கடுமை ஊரைப் பொறுத்தும் மாறும் என்பதை மறத்தலாகாது. 1980இல் அகில இங்கிலாந்துப் பாட்மிண்டன் பட்டம் வென்றவர் யார் என்று பெங்களூரிற் கேட்டால், பிரகாஷ் படுகோனின் ஊராதலால் எளிய வினாவாகும். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதி வரை சென்ற இந்தியர் யார் என்பது சென்னையில் எளிது, பீன்யாவில் நடுத்தரம். விடை ராமநாதன் கிருஷ்ணன். அவையில் அமரப் போகாத மாணவர் பத்துப் பேரிடம் முன்னரே கேட்டுப் பார்ப்பது நல்ல உரைகல். ஏழெட்டுப் பேர் விடை சொன்னால் எளிது. நாலைந்து பேர் சொன்னால் நடுத்தரம். ஓரிருவர் சொன்னால் கடினம். ஒருவரும் சொல்லாவிடின் நீக்கிவிடுக.

விடைக்குறிப்பு மூன்று பகுதிகளாக இருக்கட்டும். ஜாதவ் வினாவுக்கு அதனை எழுதிக் காட்டுவோம். முதற்பகுதி ஏற்கத்தக்க விடை: கே. டி. ஜாதவ், காஷாபா ஜாதவ் எனினும் ஒக்கும். இரண்டாம் பகுதி சான்று: 1952, ஹெல்சிங்கி, மல்யுத்தம், வெண்கலம். மூன்றாம் பகுதி எழக்கூடிய ஆட்சேபமும் மறுமொழியும்: பிரிட்சர்ட் 1900ஆம் ஆண்டினர், வினா சுதந்திர இந்தியாவைப் பற்றியது. இதன்பின் ஒரு செய்தியையும் நடுவர் சொல்லலாம். ஜாதவின் பயணச் செலவுக்காக அவர் பயின்ற கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வர் தம் வீட்டையே அடகு வைத்தார் என்பர். அர்ஜுனா விருதோ 1984இல் ஜாதவ் மறைந்த பின்னரே அவருக்கு வழங்கப்பட்டது. கல்லூரி மாணவர் நெஞ்சில் பதக்கத்தினும் இதுவே நிலைக்கும்.

இறுதியாக ஒன்று. "இதுவரை" என்ற சொல்லை வினாவில் வைத்தல் தகாது. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா பெற்ற பதக்கங்கள் 2016 வரை பதினொன்று. 2021இல் டோக்கியோவில் பன்னிரண்டு. 2024இல் பாரிஸில் பதின்மூன்று. பழைய வினாத்தாளைக் கையிலெடுக்கும் நடுவர், சரியான விடை சொன்ன மாணவனைத் தவறென்று அமர்த்திவிடுவார். "2024 பாரிஸ் போட்டி முடிய" என்று ஆண்டைக் குறித்துவிட்டால், அவ்வினா எக்காலத்தும் பழுதுபடாது.