உரிமை கடமைப் பாட்டு
(மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நவம்பர் 26ஆம் நாளாகிய அரசமைப்பு நாளையொட்டி எம் பள்ளியில் நிகழும் குடிமை வாரத்தில் மாணாக்கர் ஒருங்கே ஓதுதற்பொருட்டு யான் ஒரு பாட்டு யாத்தேன். அதில் இரண்டடி பற்றியே இன்று பேசப் புகுந்தேன்.

ஊருணி நீரினை யாவரும் முகக்கலாம்;
ஊருணி தூராது யாவரும் காக்கவேண்டும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஊருணியினும் கண்மாயும் வாய்க்காலுமே மிகுதி. ஓசைக்காக ஊருணி என்றேன். முன்னடி உரிமை, பின்னடி கடமை. ஒத்திகையில் பிள்ளைகள் உரக்கப் பாடினர்; யானும் மகிழ்ந்தேன். பின்னர் ஒரு சிறுமியைத் தனியே பாடச் சொன்னபோது, 'யாவரும் காக்கலாம்' என முடித்தாள். வரிசை வரிசையாகக் கேட்டேன்; பாதிப்பேர் அவ்வாறே பாடினர். முன்னடியின் இறுதி ஓசை பின்னடியையும் தன்பால் இழுத்துக்கொண்டது. கூட்டுக்குரலில் இப்பிழை செவிக்குப் புலனாகாது.

பிழை சிறிதன்று. 'லாம்' என்பது இசைவு. 'வேண்டும்' என்பது கடப்பாடு. ஆதலின் வகுப்பை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவு உரிமையடியையும் மறு பிரிவு கடமையடியையும் ஓதவும், மறுநாள் மாறி ஓதவும் செய்தேன். இழுப்பு நின்றது.

நிற்க. நம் சங்கத்துப் பெரியோர் சிலர், 'யாவரும்' என்னுமிடத்து 'நம்மவர்' எனப் பாடலாகாதா என வினவினர். யாப்பு இடங்கொடுக்கும், 'யாவரும்', 'நம்மவர்' இரண்டுமே கூவிளச் சீர். சட்டமோ இடங்கொடாது. அரசியற் சட்டத்தின் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அரசுப் பணத்தால் முழுதுமோ பகுதியோ பேணப்படுவனவும், பொதுமக்களுக்கென விடப்பட்டனவுமாகிய கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றில் சாதி முதலியன காரணமாக எந்தக் குடிமகனையும் தடுத்தலாகாது என்கிறது. தீண்டாமை காரணமாகத் தடுப்போர்க்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனையும் விதித்துள்ளது. நம் முன்னோர் வெட்டிய குளமாயினும், பொதுவுக்கென விட்டபின் அதன் நீர் யாவர்க்கும் உரியது.

கடமையின் நிலை வேறு. 1976இல் நிறைவேறிய 42ஆம் திருத்தத்தால் 51அ பிரிவில் பத்துக் கடமைகள் சேர்ந்தன, 2002இல் பதினொன்றாயின. ஏரி, ஆறு முதலியவற்றைக் காத்தலும் பொதுச்சொத்தைப் பேணலும் அவற்றுள் அடங்கும். எனினும் அப்பிரிவு மாத்திரையால் எவரையும் தண்டித்தல் இயலாது. உரிமையைத் தடுத்தாலோ 32ஆம் பிரிவின்படி உச்சநீதிமன்றத்தையே அணுகலாம். கடமை தவறினான் என்று ஒருவனுக்கு நீர் மறுத்தலும் ஆகாது. ஒன்று மற்றொன்றின் விலையன்று. இதனை ஐந்தாம் வகுப்புச் சிறுவனொருவன் தானே கேட்டான்: "ஐயா, தூர் வார வராதவன் தண்ணீர் எடுக்கலாமா?" எடுக்கலாம் என்றேன். அவன் உடன்பட்டானில்லை, அடுத்த வகுப்பிலும் வாதிட வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

பாட்டில் அச்சீர் 'யாவரும்' என்றே நிற்கிறது. வினவிய பெரியோரின் பெயரர் இருவர் அதனை உரக்கப் பாடும் வரிசையில் உள்ளனர்.