மின்ற் சுவிங்கமும் பரீட்சையும்



வெளிக்கள நிலையப் பரீட்சைக்குப் படிக்கும்போது மென்ற அதே மின்ற் சுவிங்கத்தை மண்டபத்திலும் மென்றால் படித்தது நினைவுக்கு வருமா என்று பிள்ளைகள் எங்களிடம் கேட்பதுண்டு. இந்தக் கதைக்கு ஓர் ஆதாரம் இருந்தது. 2004இல் பேக்கர் குழுவினர் சொற்பட்டியலொன்றைக் கொடுத்து மறுநாள் கேட்டபோது, இரு தடவையும் மென்றவர்கள் கூடுதலான சொற்களைச் சொன்னார்கள். ஆனால் 2007இல் மைல்ஸ், ஜோன்சன் இருவரும் திரும்பச் செய்து பார்க்க, அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2008இல் மெல்லுவதையும் மின்ற் சுவையையும் வேறுவேறாகப் பிரித்துச் சோதித்தும் கிடைக்கவில்லை.

சூழல் நினைவுக்கு உதவாது என்று நாங்கள் சொல்லவில்லை. 1975இல் கொடன், பாட்லி சோதித்த சுழியோடிகள், நீருக்கடியில் கற்ற சொற்களை நீருக்கடியிலேயே நன்றாக நினைவுகூர்ந்தார்கள். கடலுக்கும் கரைக்கும் உள்ள வித்தியாசம் எங்கே, ஒரு சுவிங்கம் எங்கே! சுழியோடிகளுக்கும், சொல்லைக் காட்டி ‘இது பட்டியலில் இருந்ததா’ என்று 1980இல் கேட்டபோது, இடத்தால் வித்தியாசம் வரவில்லை. பல்தேர்வு வினாவும் அந்த வகைக்குக் கிட்டத்தான்.